யூடியூப் பிரீமியருக்குத் தலைப்பும் டீசர் வாசகமும்: எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வர என்ன எழுதலாம்?

ஏரிக்கரை
வணக்கம். 24 நிமிடக் குறும்படம், பெயர் ‘மூன்றாம் மதகு’. அக்டோபர் 26, 2025 ஞாயிறு இரவு 7 மணிக்கு யூடியூபில் பிரீமியர் போடலாம் என்று இருக்கிறோம். சேனலில் 640 பேர்தான். கூட்டம் சின்னது என்றாலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், சாட்டில் பேச வேண்டும் என்பது ஆசை. தலைப்பு இப்படி வைத்திருக்கிறேன்:

மூன்றாம் மதகு 🔥 நாளை மாலை 7 மணிக்கு பிரீமியர் 🔥 காணத் தவறாதீர்கள் | தமிழ்க் குறும்படம்

வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாவுக்கும் வாசகம்:

“பல தடைகளைத் தாண்டி, பல இரவுகள் உழைத்து உருவான எங்கள் படைப்பு விரைவில் உங்கள் பார்வைக்கு. பார்த்து, பகிர்ந்து, சப்ஸ்கிரைப் செய்து பேராதரவு தாரீர். லிங்க் கமெண்ட்டில்.”

இன்னொன்று. தலைப்பின் கடைசியில் குழுப் பெயரையும் சேர்த்தால் யூடியூப் ஸ்டுடியோ 100 எழுத்து தாண்டிவிட்டது என்று மறுக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஐம்பது எழுத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. எப்படி?

கட்டிங் டேபிள்
டைட்டில் கார்டில் அவ்வளவு எழுத்து வைக்காதீங்க சகோ, திரையில் படிக்கவே முடியாது. பிரீமியர் புரோவில் தமிழ் உடைஞ்சு கொம்பு தனியா, கால் தனியா வந்தா, பிரிபரன்சஸ்ல கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை `South Asian and Middle Eastern`னு மாத்துங்க. புதுசா தட்டுற எழுத்து சரியா வரும்.

ஏரிக்கரை
அண்ணா, நான் கேட்டது எடிட்டிங் சாப்ட்வேர் பற்றி இல்லை. யூடியூபில் முன்கூட்டியே நேரம் குறித்துப் போடுகிற பிரீமியர் பற்றி. ஆனாலும் அந்த எழுத்து உடைகிற விஷயம் எங்களுக்கும் இருந்தது, நன்றி.

விளம்பரப் பிரியன்
தலைப்பில் தேதி, நேரம் கண்டிப்பாக இருக்கணும். ஜனங்க டிஸ்கிரிப்ஷன் படிக்க மாட்டாங்க, கண்ணில் படுறது தலைப்பு மட்டும்தான். நெருப்பு எமோஜி இருந்தால் தனியாத் தெரியும். லிங்க்கை மூணு நாள் முன்னாடியே வெளியில் விடுங்க, அப்பதான் ரிமைண்டர் சேரும். படம் 7 மணிக்கு டாண்ணு ஆரம்பிக்கும், அதனால் 7 மணிக்கு வரச் சொன்னால் போதும்.

ஒளியோடை
விளம்பரப் பிரியன் சொன்னதில் லிங்க்கை முன்னாடியே விடுவது சரி. மற்ற இரண்டோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

முதலில் அந்த நூறு கணக்கு. யூடியூப் எண்ணுவது நாம் கண்ணால் பார்க்கிற எழுத்தை அல்ல, அதற்குள் இருக்கும் குறிகளை. ‘பிரீமியர்’ நமக்கு ஐந்து எழுத்து. அதுவே கணினிக்கு ப, இகரக் கொக்கி, ர, ஈகாரச் சுழி, ம, கொக்கி, ய, ர, புள்ளி என்று ஒன்பது. உயிர்மெய்யும் புள்ளியும் நிறைந்த தமிழ்த் தலைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக எண்ணப்படும். அதனால் நமக்கு உள்ள இடம் நூறு எழுத்து இல்லை, ஐம்பது அறுபதுதான். ‘காணத் தவறாதீர்கள்’ மட்டுமே இடைவெளியோடு சேர்த்து 17 இடத்தைத் தின்கிறது. அது யாரையும் கூட்டி வராது.

ஒருவேளை நூறும் உங்களுக்குக் கிடைத்தாலும் போனில் இரண்டு வரிக்கு மேல் காட்டாது, பிறகு புள்ளி வைத்து வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலம் வேறு. முதல் முப்பது எழுத்துக்குள் படத்தின் பெயரும் அது என்ன வகை என்பதும் வந்துவிட வேண்டும்.

இப்போது நேரம். பிரீமியராக நேரம் குறித்த உடனே அந்தப் பக்கம் பொதுவில் வந்துவிடும். உங்கள் சேனல் பக்கத்தில் தெரியும், சந்தாதாரர் பட்டியலில் தெரியும், லிங்க்கும் வேலை செய்யும். நீங்கள் வியாழக்கிழமை குறித்தால் அன்றைக்கே “நாளை மாலை 7” என்று தெரியும். அதைப் பார்ப்பவர் வெள்ளிக்கிழமை 7 மணிக்கு வந்து வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சனிக்கிழமை மட்டும் உண்மையாக இருக்கிற தலைப்பு அது. “26 அக்டோபர் 7 மணி” என்று தேதி போட்டாலும் வெளிநாட்டில் இருப்பவருக்கு அது யாருடைய 7 மணி என்று தெரியாது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில், பார்ப்பவருடைய உள்ளூர் நேரத்தை யூடியூபே போட்டுக் காட்டுகிறது. அதன் மேலேயே நீங்கள் வேறொரு நேரத்தை எழுதிவைத்தால் இரண்டும் முட்டும்.

தலைப்பு படத்தோடு கடைசிவரை இருப்பது. பிரீமியர் முடிந்ததும் அதே லிங்க், அதே கமெண்ட், அதே பார்வை எண்ணிக்கையோடு சாதாரண வீடியோவாகிவிடும். அதனால் அடுத்த வருஷமும் பொருந்துகிற மாதிரி வையுங்கள்:

மூன்றாம் மதகு | தமிழ்க் குறும்படம்

ஸ்டுடியோ கணக்கில் இது 34. குழுப் பெயரையும் சேர்க்க இடம் இருக்கிறது. ஆனால் சேனல் பெயரே கீழே தெரியும்போது எதற்கு?

நேரம் சொல்ல வேண்டிய இடம் வாசகம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

விளம்பரப் பிரியன்
சரி, ‘நாளை’ தப்புதான், ஒத்துக்கறேன். ஆனால் வெறும் பெயர் மட்டும் போட்டால் யார் கிளிக் பண்ணுவா? பெரிய நடிகர் படமா இது?

ஒளியோடை
அது நியாயமான கேள்வி. தெரியாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிடி வேண்டும். அதைத் தேதியிலோ நெருப்பிலோ தேடாமல் கதையில் தேடுங்கள். ஏரிக்கரை தம்பி, படம் எதைப் பற்றி?

ஏரிக்கரை
ஏரியில் மூன்று மதகு. மூன்றாவது மதகைத் திறக்கிற முறை ஒரு குடும்பத்துக்கு. தண்ணீர் குறைந்த வருஷம் அதை யாருக்குத் திறப்பது என்பதுதான் சண்டை. ஒரே இரவில் நடக்கிற கதை.

ஒளியோடை
போதும். அந்தக் கேள்வியை வாசகத்தின் முதல் வரியில் வையுங்கள். தம்ப்நெயிலில் மதகுச் சாவியும் ஒரு முகமும் இருக்கட்டும். வலது கீழ் மூலையில் எழுத்து வைக்க வேண்டாம், அங்கே யூடியூபின் சின்னப் பட்டை ஏறி உட்காரும்.

இனி வாசகம். உங்கள் வாசகத்தின் குறை மொழியில் இல்லை. அதில் செய்தியே இல்லை. ‘விரைவில்’ என்பதற்கு நாளும் கிடையாது, மணியும் கிடையாது. பார், பகிர், சப்ஸ்கிரைப் செய் என்று மூன்று வேலை கொடுக்கிறீர்கள். பிரீமியருக்கு முன்னால் வேண்டியது ஒரே வேலைதான்: லிங்க்கைத் திறந்து `Notify me` அழுத்துவது. அதை அழுத்தியவருக்குத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னால் ஒரு அறிவிப்பு போகும், தொடங்கும்போது இன்னொன்று போகும். வெறுமனே சந்தாதாரராக இருப்பவருக்கு அந்த அரை மணி அறிவிப்பு வராது. 640 பேர் இருக்கிற சேனலில் எண்பது பேர் அதை அழுத்தினால், அந்த எண்பதுதான் உங்கள் அரங்கு.

அடுத்தது 7 மணி விஷயம். நீங்கள் குறித்த நேரத்தில் ஓடத் தொடங்குவது படம் அல்ல, கவுண்ட்டவுன். வழக்கமாக அது 2 நிமிடம். 7.00-க்குக் குறித்தால் படம் 7.02-க்குத்தான். இந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று நினைக்க வேண்டாம், திண்ணையில் கூடுகிற நேரம் அது. சாட் அதற்கு முன்னாலேயே திறந்திருக்கும். அதனால் “7 மணிக்கு” என்று எழுதாமல் “6.55-க்கு உள்ளே வாருங்கள்” என்று எழுதுங்கள். 7.10-க்கு வருபவர் படம் எட்டு நிமிடம் ஓடிய இடத்தில் போய் விழுவார். பின்னால் இழுத்து முதலிலிருந்து பார்க்கலாம்தான், ஆனால் அப்புறம் சாட்டில் எல்லாரும் பேசுவது அவருக்கு எட்டு நிமிடம் முன்கூட்டியே கதையைப் போட்டு உடைக்கும். 24 நிமிடப் படத்தில் அது பெரிய நஷ்டம்.

டொராண்டோ தம்பி
வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லா ஊர் நேரமும் போடுங்கோ. நாங்கள் எப்பவும் கணக்குப் போட்டே களைச்சுப் போறம்.

ஒளியோடை
எல்லா ஊரும் போட்டால் வாசகம் ரயில்வே அட்டவணையாகிவிடும். உங்கள் பார்வையாளர் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்று அனலிட்டிக்ஸில் பார்த்து, மேலே வருகிற நான்கைந்தை மட்டும் போடுங்கள். இந்தத் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பாவில் கடிகாரம் பின்னுக்குப் போவது அதே அக்டோபர் 26 அதிகாலையில். முதல் நாள் சனிக்கிழமை இந்திய 7 மணி லண்டனில் பகல் 2.30. ஞாயிற்றுக்கிழமை அதுவே 1.30. பாரிசில் 2.30. கனடாவில் கடிகாரம் மாறுவது அடுத்த ஞாயிறு, நவம்பர் 2. அதனால் டொராண்டோவில் காலை 9.30-தான். சிங்கப்பூர், மலேசியா இரவு 9.30. வளைகுடாவை ஒரே வரியில் போடாதீர்கள்: துபாய் மாலை 5.30, சவுதி, கத்தார், குவைத் 4.30. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

டொராண்டோ தம்பி
ஞாயிறு காலமை 9.30 எண்டால் நல்லது, ஆக்கள் வீட்டில நிப்பினம். ஆனால் இந்தியாவில 8.30க்கு வைச்சால் இங்க 11 மணி, இன்னும் கூட வருவினம்.

ஏரிக்கரை
அண்ணா, 8.30 என்றால் சிங்கப்பூரில் 11 மணி ஆகிவிடும். அங்கே திங்கள் வேலைநாள். எங்கள் ஆட்கள் அங்கேதான் அதிகம்.

பாப்பா பாட்டு
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் சேனல் குழந்தைப் பாட்டு. பிரீமியர் போட்டால் `Notify me` பட்டனும் வரவில்லை, சாட்டும் இல்லை. செட்டிங்கில் எங்கே திறப்பது?

ஒளியோடை
குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவில் சாட், கமெண்ட், அறிவிப்பு மணி மூன்றையும் யூடியூபே நிறுத்திவிடும் அக்கா. திறக்கிற இடம் எதுவும் இல்லை. அதற்காகக் குறியை மாற்றிப் போடாதீர்கள், அது விதிமீறல். உங்கள் வாசகத்தில் பட்டனைப் பற்றிச் சொல்லாமல், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடம் முன்னால் லிங்க் போடுவதுதான் வழி. உண்மையில் சாட் இல்லாத இடத்தில் பிரீமியரே தேவையா என்று யோசியுங்கள். நேரம் குறித்துச் சாதாரணமாக வெளியிட்டாலே போதும்.

வாட்ஸப் வாத்தியார்
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் ஒட்டும்போது வருகிற சின்னப் படமும் தலைப்பும், அனுப்புகிறவர் போனில் அந்த நிமிடம் எடுக்கப்படுவது. பிறகு யூடியூபில் தலைப்பை மாற்றினாலும், போய்விட்ட செய்தியில் பழைய தலைப்பும் பழைய தம்ப்நெயிலும்தான் இருக்கும், ஃபார்வர்டு ஆகி ஊரெல்லாம் போகும். ஆகவே தலைப்பும் தம்ப்நெயிலும் முடிவான பிறகு முதல் செய்தி. லிங்க்கை ஒட்டியவுடன் அனுப்பாதீர்கள், முன்னோட்டப் படம் ஏறுகிற வரை இரண்டு விநாடி பொறுங்கள். அவசரமாகத் தட்டினால் மொட்டை லிங்க்காகப் போகும், அதை யாரும் தொட மாட்டார்கள்.

அப்புறம், “லிங்க் கமெண்ட்டில்” என்பதை வாட்ஸ்அப்புக்கு அப்படியே ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏது கமெண்ட்? இன்ஸ்டாவில் வாசகத்தில் ஒட்டிய லிங்க் அழுத்தினால் திறக்காது, பயோவில் வைக்க வேண்டும், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடைசி வரி வேறு.

விளம்பரப் பிரியன்
டீசரை ஷார்ட்ஸாப் போட்டு டிஸ்கிரிப்ஷனில் லிங்க் வெச்சா இன்னும் நல்லா ஓடுமே?

வாட்ஸப் வாத்தியார்
ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்ட்டிலும் உள்ள லிங்க் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அழுத்த முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். எழுத்தாகத்தான் நிற்கும்.

ஒளியோடை
டீசரைப் பிரீமியர் பக்கத்திலேயே டிரெய்லராக ஓடவிடும் வசதி ஒன்று இருக்கிறது, 15 விநாடியிலிருந்து 3 நிமிடம் வரை. ஆனால் அதற்கு ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், தம்பிக்கு இப்போது கிடைக்காது. சாதாரண வீடியோவாக டீசரைப் போட்டு, டிஸ்கிரிப்ஷன் முதல் வரியில் படத்தின் லிங்க்கை வைக்கலாம்.

இதைவிட முக்கியம், ஏற்றுகிற வரிசை. லிங்க்கை ஊருக்குக் கொடுத்த பிறகு படத்தில் ஒரு தவறு கண்டுபிடித்தால் அதே லிங்க்கில் வேறு கோப்பு மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் புது லிங்க், அதுவரை சேர்ந்த ரிமைண்டர் எல்லாம் போச்சு. ஆகவே ஒரு வாரம் முன்னால் `Private`-ல் ஏற்றுங்கள். காப்பிரைட் சோதனை முடியட்டும். பின்னணியில் எங்கோ டீக்கடை ரேடியோவில் ஓடிய பாட்டுக்குக்கூட உரிமை கேட்டு வரும். உயர்தரப் படம் தயாராகிவிட்டதா என்று பாருங்கள். முழுப் படத்தையும் போனில் ஒரு முறை, இயர்போனில் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்த பிறகு `Schedule` போய் `Set as Premiere` டிக் செய்யுங்கள். நேரத்தை மாற்றுவது மட்டும் என்றால் லிங்க் மாறாது, ஆனால் வாட்ஸ்அப்பில் போன பழைய நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஏரிக்கரை
எல்லாரும் சொன்னதை வைத்து மறுபடி எழுதினேன். தலைப்பு:

மூன்றாம் மதகு | தமிழ்க் குறும்படம்

வியாழன் மாலை வாட்ஸ்அப்பில் போவது:

“இருக்கிற தண்ணி ஒரு வயலுக்குத்தான் காணும். மூணாவது மதகை யாருக்குத் திறக்கிறது?

மூன்றாம் மதகு, 24 நிமிடக் குறும்படம்
அக்டோபர் 26, ஞாயிறு
இந்தியா, இலங்கை: இரவு 7.00
சிங்கப்பூர், மலேசியா: இரவு 9.30
துபாய்: மாலை 5.30
டொராண்டோ: காலை 9.30

இப்பவே லிங்க்கைத் திறந்து Notify me அழுத்தி வைங்க. அன்னிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி உள்ளே வந்துடுங்க, நாங்க சாட்ல இருப்போம்.”

இதற்குக் கீழே லிங்க். ஞாயிறு 6.45-க்கு அனுப்ப இன்னொன்று:

“மதகு திறக்க இன்னும் கால் மணி நேரம். வந்துட்டீங்களா?” இதிலும் லிங்க்.

ஒளியோடை
நன்றாக இருக்கிறது. “அஞ்சு நிமிஷம் முன்னாடி” என்று வைத்தது நான் சொன்ன 6.55-ஐவிட நல்லது, எந்த ஊருக்கும் பொருந்தும். இரண்டு சின்னத் திருத்தம். ஆங்கிலத்தில் செயலி வைத்திருப்பவர்களுக்குத்தான் `Notify me` என்று தெரியும், தமிழில் வைத்திருப்பவர்களுக்கு வேறு சொல். “மணிப் படம் போட்ட பட்டனை அழுத்துங்க” என்றும் சேர்த்துவிடுங்கள். ஞாயிறு செய்தியில் படத்தின் பெயர் இல்லை. வியாழன் செய்தி நாற்பது குட்மார்னிங்குக்கு அடியில் போயிருக்கும், புதிதாகப் பார்ப்பவருக்கு எந்த மதகு என்று புரியாது. லிங்க் முன்னோட்டத்தில் பெயர் வரும்தான், வராமல் போனால்?

விளம்பரப் பிரியன்
இன்ஸ்டாவில் முதல் வரிக்கு அப்புறம் ‘மோர்’னு மடிஞ்சிடும். அங்க நேரத்தைக் கேள்விக்கு அடுத்தே வைங்க, பெயரைப் படத்துலயே எழுதிடலாம்.

வாட்ஸப் வாத்தியார்
அது சரி. ஆனால் இன்ஸ்டாவில் நான்கு ஊர் நேரத்தையும் படத்துக்குள் எழுதலாமே? ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள்.

ஒளியோடை
எழுதலாம், நேரம் மாறாது என்று உறுதியாக இருந்தால் மட்டும். வாசகத்தைத் திருத்தலாம், போய்விட்ட படத்தைத் திருத்த முடியாது.

கட்டிங் டேபிள்
எனக்கு ஒண்ணு புரியல. 640 பேர் சேனலுக்கு பிரீமியர் எதுக்கு? நேரா வெளியிட்டா வந்த உடனே பார்க்கலாம். மூணு நாள் முன்னாடி லிங்க் கிடைச்சவன் அழுத்திப் பார்த்து, படம் இல்லைன்னு திரும்பிப் போவான். திரும்ப வருவானா?

ஒளியோடை
பாதிப் பேர் வர மாட்டார்கள், உண்மை. எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்றால் நேரடி வெளியீடு மோசமில்லை. தம்பி கேட்டது சேர்ந்து பார்ப்பது. சாட்டில் முப்பது பேர் ஒரே காட்சிக்கு ஒரே நேரத்தில் பேசினால் அது வேறு. மூன்று நாள் அதிகம் என்றால் சனிக்கிழமை காலை விடலாம்.

விளம்பரப் பிரியன்
ஒரு நாளில் ரிமைண்டர் சேராது. மூணு நாளே வைங்க.

ஏரிக்கரை
எங்கள் குழுவிலும் இதே சண்டைதான். ஊர்க் குழுக்களுக்குச் சனிக்கிழமை, சிங்கப்பூர் ஆட்களுக்கு வியாழக்கிழமை என்று பிரித்து அனுப்பிப் பார்க்கலாம் என்று பேச்சு. இன்னொரு கேள்வி: படம் முடிந்ததும் சாட் மூடிவிடுமா? பேசிக்கொண்டே இருக்க வழி உண்டா?

ஒளியோடை
நேரலைச் சாட் அத்தோடு நிற்கும், பின்னால் பார்ப்பவருக்கு ரீப்ளேயாக ஓடும். கமெண்ட்டில் ஒரு கேள்வியை முன்கூட்டியே பின் செய்து வையுங்கள், கூட்டம் அங்கே இறங்கும். படத்தின் கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போதே சாட்டில் “கீழே கமெண்ட்டுக்கு வாங்க” என்று நீங்கள் தட்டிவிட வேண்டும். முடிந்த பிறகு தட்டினால் யாரும் இருக்க மாட்டார்கள்.